ஒட்டாமல் வெட்ட வரும் முந்திரி கத்லி: பதம் பிடிப்பது முதல் துண்டு போடுவது வரை

முந்திரி கத்லி கத்தியில் ஒட்டினால் பெரும்பாலும் கத்தியைத்தான் குறை சொல்கிறோம். நெய் போதவில்லை, கூர் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் நெய் தடவுகிறோம். நான் பார்த்தவரையில் அந்த ஒட்டல் வெட்டும்போது வருவதில்லை. அரை மணி நேரத்துக்கு முன்பே, அடுப்பை அணைத்த அந்த நொடியில் அது முடிவாகிவிடுகிறது. ஒரு நிமிடம் முன்னால் அணைத்திருந்தால் கத்தியோடு மாவும் கிளம்பி வரும். ஒரு நிமிடம் பின்னால் அணைத்திருந்தால் வெட்டிய விளிம்பு பொலபொலவென்று உதிரும். அதனால் இந்தக் குறிப்பில் பாதிக்கு மேல் அந்தச் சில நிமிடங்களைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். தேய்ப்பதும் வெட்டுவதும் அதற்குப் பிறகு எளிதாகவே வந்துவிடும்.

அளவு

முந்திரி 250 கிராம், சர்க்கரை 140 கிராம், தண்ணீர் 70 மில்லி, நெய் ஒரு டீஸ்பூன். கையில் தடவிக்கொள்ள நெய் தனியாகக் கொஞ்சம். கப் அளவில் செய்ய வேண்டாம் என்பேன். முழு முந்திரியை கப்பில் அளந்தால் இடையில் காற்றுதான் பாதி நிற்கும், உடைத்த முந்திரியை அளந்தால் அதே கப்பில் அதிகம் பிடிக்கும். சர்க்கரை விகிதம் மாறினால் பதமும் மாறும். சமையலறைத் தராசு இல்லாவிட்டால் கடையில் 250 கிராம் பாக்கெட்டாக வாங்கி முழுவதையும் போட்டுவிடுங்கள். சர்க்கரையை மட்டும் கணக்குப் பார்த்துக்கொண்டால் போதும்.

பண்ருட்டி முந்திரியோ வேறு எந்த ஊர் முந்திரியோ, எப்படியும் பொடிக்கப்போகிறோம் என்பதால் முழுப் பருப்பு தேவையில்லை. உடைத்த முந்திரி விலையும் குறைவு, ருசியிலும் குறையில்லை. பார்க்க வேண்டியது இரண்டே விஷயம்: வெள்ளையாக இருக்க வேண்டும், ஒன்றை வாயில் போட்டால் சிக்கு வாடை அடிக்கக் கூடாது.

பொடிப்பது

100 கிராம் முந்திரியில் ஏறக்குறைய 44 கிராம் கொழுப்பு. மிக்ஸி பிளேடின் சூட்டில் அந்த எண்ணெய் வெளியே வரத் தொடங்கினால் பொடி கட்டியாகி, ஜாரின் அடியில் விழுதாக ஒட்டிக்கொள்ளும். அதனால் சின்ன ஜாரில் 80, 90 கிராமாகப் போட்டு, இரண்டு இரண்டு நொடியாக விட்டு விட்டு அடியுங்கள். நடுவில் ஜாரை ஒரு தட்டு தட்டிக் குலுக்கிக்கொள்ளுங்கள். மாவுச் சல்லடையில் சலித்து, மேலே நிற்கும் குருணையை அடுத்த நடையோடு சேர்த்து அரைக்கலாம். கடைசியில் ஒரு ஸ்பூன் குருணை மிஞ்சினால் பாயசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதையும் நைசாக்குகிறேன் என்று மிக்ஸியை ஓடவிட்டால் எண்ணெய் கக்கிவிடும்.

முந்திரியை ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் முதல்நாள் இரவே வெளியே எடுத்துவிடுங்கள். பாக்கெட்டைத் திறக்காமலே வையுங்கள், அப்போதுதான் வேர்வை உறையின் வெளியே படியும், பருப்பின் மேல் படியாது. ஈரம் பட்ட முந்திரி பொடியாகாது, பசையாகும்.

ஊறவைத்து விழுதாக அரைத்துக் கிளறும் முறையும் உண்டு, கடைகளில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் ஊறிய தண்ணீர் முழுவதையும் அடுப்பிலேயே வற்ற வைக்க வேண்டும் என்பதால் நேரமும் கை வலியும் கூடும், பதத்தை யூகிப்பதும் கடினம். வீட்டில் கால் கிலோ செய்ய பொடி முறையே எனக்குச் சரியாக வருகிறது.

பாகு: கொஞ்சம் இளசாகவே

அடி கனமான, அகலமான கடாய் அல்லது நான்ஸ்டிக் பான் எடுங்கள். சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்து மிதமான தீயில் வைத்து, சர்க்கரை ஒரு மணி கூட மிஞ்சாமல் கரையும்வரை கிளறுங்கள். கரையாமல் கொதிக்கவிட்டால் பின்னால் கத்லியில் நறநறவென்று பல்லில் படும். கரைந்த பிறகு கொதிவரட்டும்.

எந்தப் பதத்தில் பொடியைப் போடுவது என்பதில் வீட்டுக்கு வீடு ஒரு வழக்கம் இருக்கிறது. நான் ஒற்றைக் கம்பி வரத் தொடங்கும்போதே போட்டுவிடுவேன். ஒரு சொட்டை எடுத்து ஆறவிட்டு, விரல்களுக்கு நடுவில் வைத்து மெல்லப் பிரித்தால், ஒரு கம்பி எழும்பி உடனே அறுந்துவிட வேண்டும். கொதி வந்ததிலிருந்து இந்த அளவுக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் ஆகும். சர்க்கரை வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு 105 டிகிரி செல்சியஸ் சுமாரான கணக்கு. ஆனால் அகலமான கடாயில் இவ்வளவு கொஞ்சம் பாகு விரற்கடை உயரம்கூட நிற்காது. முனை முழுகாமல் அது தப்பான எண்ணைக் காட்டும். விரலை நம்புங்கள்.

ஏன் இளசாக வேண்டும்? முந்திரியில் கொழுப்போடு மாவுச்சத்தும் நன்றாகவே உண்டு. பாகில் இருக்கும் தண்ணீரைக் குடித்து, சூட்டில் உப்பி, எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிப்பது அந்த மாவுச்சத்துதான். மாவுச்சத்து குறைந்த பாதாமில் செய்யும்போது இந்த வழுவழுப்பு இவ்வளவு எளிதில் வருவதில்லை. பாகு இரட்டைக் கம்பிக்குப் போய்விட்டால் குடிக்கத் தண்ணீரே மிஞ்சாது. பொடி போட்ட உடனே இறுகிக் கடாயிலேயே உதிரும். பாகு வெறும் சர்க்கரைத் தண்ணீராக இருந்தாலோ, வற்றுவதற்காக நெடுநேரம் கிளற வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் முந்திரி எண்ணெய் விட ஆரம்பிக்கும்.

கிளறுவது

பாகு பதம் வந்ததும் கடாயை அடுப்பிலிருந்து இறக்கிவிடுங்கள். தீயில் வைத்துக்கொண்டே பொடியைத் தூவினால் முதலில் விழுந்தது வெந்து கட்டி கட்டியாக நிற்கும். இறக்கி வைத்து, பொடி முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டி, கட்டியில்லாமல் ஒரு நிமிடம் கலக்குங்கள். இட்லி மாவைவிடச் சற்று கெட்டியாக இருக்கும். அதன்பிறகு மிகச் சிறு தீயில் வைத்து, அடியைச் சுரண்டிச் சுரண்டிக் கிளறுங்கள். சிலிகான் கரண்டி இருந்தால் ஓரத்தில் காய்ந்து படிவதையும் வழித்து உள்ளே இழுக்கலாம். அந்தக் காய்ந்த ஓரம்தான் பிறகு மாவுக்குள் சின்னச் சின்னப் பருக்கைகளாகத் தட்டுப்படும்.

என் அடுப்பில், மேலே சொன்ன அளவுக்கு, கடந்த முறை நடந்ததை அப்படியே சொல்கிறேன். மூன்றாம் நிமிடத்தில் கரண்டியைத் தூக்கினால் ரிப்பன் போல விழுந்தது. நான்காம் நிமிடத்தில் நெய் விட்டேன். ஐந்தாம் நிமிடத்தில் கரண்டி போன வழியில் கடாயின் அடி தெரிந்து, மெதுவாக மூடிக்கொண்டது. ஆறாம் நிமிடத்தில் எல்லாம் சேர்ந்து ஒரே திரளாகக் கரண்டியோடு சுற்ற ஆரம்பித்தது. ஓரத்திலும் ஒட்டவில்லை. இந்த இடத்தில்தான் பலரும் அணைத்துவிடுகிறார்கள். ‘ஒட்டாமல் திரண்டு வரும்போது இறக்கவும்’ என்றுதானே நாம் எல்லோரும் கற்றிருக்கிறோம்! நான்ஸ்டிக் பானில் பச்சை மாவுகூட ஒட்டாமல் திரண்டு வரும் என்பதை மறந்துவிடுகிறோம்.

பெரியம்மா தீபாவளிக்குக் கிளறும்போது நான் பக்கத்தில் நின்று கடாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பேன். “கடாயைப் பாக்காதடி, கையைப் பாரு” என்பார். சூட்டில் இருக்கும்போது பாகு நெகிழ்ந்திருக்கும், கொழுப்பு உருகி இருக்கும். அதனால் சரியான பதத்தில் உள்ள மாவும் கடாயில் இளசாகவே தெரியும். ஆறிய பிறகு அது என்னவாகும் என்பதை அறிய, கொஞ்சம் எடுத்து ஆறவைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அதைச் செய்வது இப்படி. தீயை அணைத்துவிட்டுச் சோதிக்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் பார்க்கும் நேரத்திலேயே பதம் ஓடிவிடும். பட்டாணி அளவு மாவை ஒரு தட்டின் ஓரத்தில் வையுங்கள். பத்து நொடி ஊதுங்கள். விரலில் நெய் தடவாமல், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டுங்கள். நெய் தடவிய விரலில் எதுவுமே ஒட்டாது, அதனால் அந்தச் சோதனையில் ஒன்றும் தெரியாது.

அன்று ஆறாம் நிமிட உருண்டை கட்டைவிரலில் அப்பிக்கொண்டது. விரலைப் பிரித்தால் மெல்லிய நூலும் வந்தது. திரும்பவும் தீயில் வைத்து ஒரு நிமிடம் கிளறினேன். ஏழாம் நிமிட உருண்டை உருண்டது, ஆனால் விரலில் வெண்மையாக ஒரு படலம் விட்டுச் சென்றது, மேற்பரப்பில் ஈர மினுமினுப்பு இருந்தது. இதுதான் ஏமாற்றும் கட்டம். இதில் இறக்கினால் தேய்க்க அருமையாக வரும், வெட்டும்போது ஒட்டும். இன்னும் முக்கால் நிமிடம் கிளறினேன். மூன்றாவது உருண்டை விரலில் எதையும் விடாமல், மினுப்பு அடங்கி, வழவழவென்று உருண்டது. அழுத்தினேன், ஓரம் வெடிக்காமல் தட்டையானது. அதுதான் பதம். அழுத்தும்போது ஓரத்தில் கீறல் விட்டால் பதம் தாண்டத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

உங்கள் அடுப்பின் தீயும் கடாயின் கனமும் வேறு, என் நிமிடங்கள் உங்களுக்குப் பொருந்தாது. மூன்று உருண்டைகள் மட்டும் எந்த அடுப்பிலும் இதே வரிசையில்தான் வரும்.

பதம் வந்த அந்த நொடியே மாவை நெய் தடவிய தட்டுக்கு மாற்றிவிடுங்கள். ஒருமுறை அடுப்பை அணைத்துவிட்டு, மாவை அந்தக் கனமான கடாயிலேயே விட்டு, வாசலில் வந்தவரிடம் ஐந்து நிமிடம் பேசிவிட்டு வந்தேன். தீ இல்லைதான், ஆனால் இரும்புக் கடாய் சூட்டை விடவில்லை. அடியில் இருந்த மாவு மேலும் வற்றிக் கட்டியாகிவிட்டது, மேலே இருந்தது இளசாகவே இருந்தது. பிசைந்து ஒன்றாக்குவதற்குள் பெரும்பாடாகிவிட்டது.

ஏலக்காய் நான் சேர்ப்பதில்லை. வெள்ளைப் பரப்பில் புள்ளி புள்ளியாகத் தெரியும், முந்திரியின் மெல்லிய வாசமும் அடங்கிவிடும். நெய்யையும் ஒரு ஸ்பூனுக்கு மேல் விட வேண்டாம். நெய் கூடினால் பளபளப்பு வரும், ஆனால் பச்சைப் பதத்தின் ஒட்டலை அது தீர்க்காது.

பிசைந்து தேய்ப்பது

கை பொறுக்கும் சூடு வரட்டும், ஐந்தாறு நிமிடம் ஆகும். கையில் நெய் தொட்டுக்கொண்டு ஒரு நிமிடம் மட்டும் பிசையுங்கள். சப்பாத்தி மாவு போல அடித்துப் பிசையக் கூடாது, உள்ளங்கையால் அழுத்தி மடித்தால் போதும். மாவில் இருந்த சுருக்கமும் பருக்கையும் மறைந்து மேற்பரப்பு மழமழவென்று ஆனதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் பிசைந்தால் உள்ளங்கையில் எண்ணெய் மின்னும்.

நாம் எடுத்த அளவுக்கு 400 கிராமுக்குச் சற்றுக் கூடுதலாக மாவு கிடைக்கும். இதை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மூடி வையுங்கள். முழுவதையும் ஒரே தடவையில் தேய்த்தால் வீட்டுப் பூரிக்கட்டையின் நீளம் பத்தாது, நடுவில் மெலிந்து ஓரத்தில் தடித்துவிடும்.

நல்ல பட்டர் பேப்பர் இரண்டு தாள் எடுத்து, இரண்டிலும் நெய்யைத் துடைத்தாற்போல் தடவுங்கள். மாவைக் கையாலேயே நீள்சதுரமாகத் தட்டிக் கீழ்த்தாளில் வைத்து, மேலே மற்றொரு தாள் போட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தேய்க்க வேண்டும். நான்கைந்து முறை தேய்த்ததும் மேல் தாளை உரித்துத் திரும்பப் போடுங்கள். தாளில் விழும் சுருக்கம் மாவில் கோடாகப் பதிவதை இது தடுக்கும். அப்படியே முழுவதையும் புரட்டிப் போட்டு, அடுத்த பக்கத் தாளையும் அப்படிச் செய்யுங்கள்.

கனம் 4 மில்லிமீட்டர் இருந்தால் கடிக்க இதமாக இருக்கும். 3 மில்லிமீட்டர் வரை போகலாம், அதற்குக் கீழே போனால் மறுநாளே விறைக்கும். ஒரே கனம் வர எளிய வழி ஐஸ் குச்சிகள். ஒரு குச்சி சுமார் 2 மில்லிமீட்டர் கனம். இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மாவின் இரண்டு பக்கமும் வரிசையாக அடுக்கிவிட்டால் பூரிக்கட்டை அந்த உயரத்துக்குக் கீழே இறங்காது. இரண்டு வரிசைக்கும் நடுவில் 14 சென்டிமீட்டர் இடைவெளி விட்டுத் தேய்த்தால், பாதி மாவு ஏறக்குறைய 28 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பரவும்.

ஓரத்தில் சின்னக் கீறல் விட்டால் மாவு சூடாக இருக்கும்போதே விரல்நுனியால் அழுத்திச் சேர்த்துவிடலாம். மேற்பரப்பை ஒரு சின்னக் கிண்ணத்தின் அடியால் தாளின் மேலேயே தடவினால் கண்ணாடி போல ஆகும். வெள்ளித் தாள் ஒட்டுவதானால் வெதுவெதுப்பு இருக்கும் இப்போதே ஒட்டிவிடுங்கள், ஆறிய பிறகு பிடிக்காது.

வெட்டுவது

மேல் தாளை எடுத்துவிட்டு 15 முதல் 20 நிமிடம் காற்றில் விடுங்கள். தொட்டால் சூடு தெரியக் கூடாது, விரலால் அழுத்தினால் மெல்லப் பள்ளம் விழ வேண்டும். அந்த நிலைதான் வெட்ட ஏற்றது. சூட்டோடு வெட்டினால் விளிம்பு இழுபடும். மறந்துபோய் இரவு முழுக்க விட்டுவிட்டால் நொறுங்கும்.

நீளமான, மெல்லிய அலகுள்ள கத்தி வேண்டும். ரம்பப் பல் உள்ள கத்தி உதவாது. அலகில் நெய்யைத் துணியால் துடைத்தாற்போல் தடவுங்கள், வழிந்தால் விளிம்பில் கறையாக நிற்கும். கத்தியை மாவின் மேல் நீளவாக்கில் வைத்து, பிடியையும் முனையையும் சேர்த்து நேராகக் கீழே அழுத்தி, நேராகவே மேலே தூக்குங்கள். முன்னும் பின்னும் இழுத்து அறுக்கவே கூடாது. இழுக்கும்போதுதான் அலகில் படிந்த துகள் அடுத்த துண்டின் ஓரத்தில் தேய்ந்து அழுக்காக்குகிறது. இரண்டு மூன்று வெட்டுக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, மறுபடி நெய் தொட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் நான்கு ஓரங்களையும் நறுக்கி நேராக்குங்கள். பிறகு நீளவாட்டில் 3.5 சென்டிமீட்டர் அகலப் பட்டைகள். ஸ்கேலை மேலே வைத்துக் கத்திநுனியால் லேசாகக் குறித்துக்கொண்டால் கோணாது. அதன்பின் அதே அகலத்தில் சாய்வாகக் குறுக்கு வெட்டு. இரண்டு பாதியும் சேர்ந்து நாற்பதை ஒட்டி முழுத் துண்டுகள் வரும். வெட்டியதும் பிரிக்க வேண்டாம், அரை மணி அப்படியே இருந்தால் தானாகவே விட்டுவரும். ஓரத் துணுக்குகளைச் சேர்த்துப் பிசைந்து ஒருமுறை தேய்த்துக்கொள்ளலாம். இரண்டாம் முறை எண்ணெய் விட்டுவிடும், அதைக் குழந்தைகள் கையில் உருண்டையாகவே கொடுத்துவிடுவது நல்லது.

கத்தி சொல்லும் குறை

முதல் வெட்டு போட்டதும் அலகைப் பாருங்கள். வெள்ளைப் பசையாக ஒட்டியிருந்தால் பதம் பச்சை. மேற்கொண்டு வெட்டாமல் எல்லாவற்றையும் பிய்த்துக் கடாயில் போட்டு, சிறு தீயில் ஓரிரு நிமிடம் கிளறி, மறுபடி உருண்டை பாருங்கள். மிக லேசான ஒட்டல்தான் என்றால் இரண்டு டீஸ்பூன் பால் பவுடர் தூவிப் பிசைந்தும் சரிக்கட்டலாம். ஆனால் ருசியில் அது தெரியும், எனக்கு மறுபடி கிளறுவதே பிடிக்கும்.

வெட்டில் பொடி உதிர்ந்தால் பதம் தாண்டிவிட்டது. மாவை உதிர்த்து, வெதுவெதுப்பான பால் ஒரு டீஸ்பூன் தெளித்துப் பிசையுங்கள். சேரவில்லை என்றால் இன்னும் அரை டீஸ்பூன். அதற்கும் மசியாத அளவு இறுகியிருந்தால், கடாயில் மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீரோடு போட்டு, சிறு தீயில் கரைத்துக் கூழாக்கி, மறுபடி முதலிலிருந்து உருண்டைச் சோதனை செய்து இறக்க வேண்டும். பால் தெளித்ததை மூன்று நான்கு நாளில் சாப்பிட்டுவிடுங்கள்.

அலகில் எண்ணெய் மினுங்கினால் மிக்ஸியில் அதிகம் அரைபட்டிருக்கும், இல்லையேல் பிசைந்தது கூடியிருக்கும். ஒரு டீஸ்பூன் வெந்நீர் விட்டு மெதுவாக மடித்தால் எண்ணெயில் கொஞ்சம் திரும்ப உள்ளே போகும், முழுதாகப் போகாது. இந்த ஒரு குறைக்கு மட்டும் முழுத் தீர்வு கிடையாது. ருசி கெடாது, வெட்டில் அந்தச் சுத்தம் வராது.

நன்றாக ஆறிய துண்டுகளை, அடுக்குக்கு அடுக்கு பட்டர் பேப்பர் வைத்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் வெளியிலேயே ஒரு வாரம் நன்றாக இருக்கும். ஃப்ரிட்ஜில் வைத்தால் எடுத்தவுடன் டப்பாவைத் திறக்க வேண்டாம். அரை மணி மூடியே இருக்கட்டும். திறந்த உடனே துண்டுகளின் மேல் வேர்த்து, அவ்வளவு பார்த்துப் பிடித்த பதம் மறுபடி பிசுபிசுத்துவிடும்.